சிப்ஸ் விலையைக் கிலோவுக்கு 70 ரூபாய் கூட்ட வேண்டியிருந்தது: எப்படிச் சொல்வது என்று நான் ஒப்பிட்டுப் பார்த்தது

2025 ஜூன் கடைசியில் கொள்முதல் நோட்டில் தேங்காயெண்ணெய் கிலோ 400 ரூபாய் என்று எழுதிவிட்டு, சும்மா பின்பக்கம் புரட்டினேன். முந்தைய வருடம் ஓணம் முடிந்த சமயத்தில் அதே எண்ணெயை 200 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். நடுவில் பத்து பத்து ரூபாயாக ஏறியதால் ஒவ்வொரு தடவையும் "அடுத்த மாதம் இறங்கிவிடும்" என்று நானே தாங்கிக்கொண்டேன், இறங்கவே இல்லை.

களியக்காவிளை போகிற ரோட்டில் எங்களுக்கு ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய் சிப்ஸ் கடை. பாதிப் பேர் இந்தப் பக்கத்துத் தமிழ்க்காரர்கள், மீதிப் பேர் கேரளாவில் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், அவர்களுக்கு இது உப்பேரி. வளைகுடாவுக்குக் கிளம்புகிற வீடுகள், கல்யாணம், சர்ச் விசேஷம் என்று வருடா வருடம் வருகிற 140 பேரின் பெயர் ஒரு நோட்டில் இருக்கிறது. இந்த 140 பேரிடம் விலை கூடிவிட்டது என்று எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்கு இருந்த கேள்வி. ஊரில் எல்லாரும் செய்கிற நான்கு வழிகளையும் எழுதி வைத்து யோசித்தேன். அதே இடத்தில் நிற்கிறவர்களுக்கு உதவும் என்று கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஒரு கிலோ சிப்ஸுக்கு எங்களுக்கு மூன்றரைக் கிலோ பச்சைக்காய் வேண்டும். தோல் போகும், அப்புறம் உருளியில் தண்ணீர் முழுக்க வற்றும். காய் கிலோ 40 ரூபாய் என்றால் 140 ரூபாய். எண்ணெய், சிப்ஸ் குடிப்பதும் அடியில் கசடோடு கொட்டுவதும் சேர்த்து கிலோவுக்கு 350 கிராம் போகிறது. பழைய விலையில் அது 70 ரூபாய், புது விலையில் 140. கூலி, விறகு, கேஸ், மஞ்சள், உப்பு, கவர், வாடகை எல்லாம் சேர்த்து 90. ஆக 300 ரூபாய்க்கு அடங்கிய கிலோ இப்போது 370. நான் விற்றுக்கொண்டிருந்த விலை 360. கிலோவுக்கு 60 ரூபாய் கிடைத்த இடத்தில் 10 ரூபாய் கையைவிட்டுப் போனது. மாதம் 600 கிலோ விற்றால் 6,000 ரூபாய் என் பையிலிருந்து போகும், இன்னும் அதிகம் விற்றால் இன்னும் அதிகம் போகும். அதனால் கூட்டாமல் இருப்பது என்ற வழியைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

இனி அந்த நான்கு வழிகள். விலையை விட்டுவிட்டு எடையைக் குறைப்பது, விலையை விட்டுவிட்டு எண்ணெயை மாற்றுவது, ஒன்றும் சொல்லாமல் போர்டில் விலையை மாற்றுவது, முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கூட்டுவது.

எடை குறைப்பதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் சில வருடங்களுக்கு முன் சர்க்கரை வரட்டியில் நானே அதைச் செய்தேன். வெல்லம் ஏறியபோது 200 கிராம் பாக்கெட்டை 175 ஆக்கினேன், விலை மாறவில்லை. எடையைச் சரியாகத்தான் அச்சடித்திருந்தேன், சட்டப்படி தப்பில்லை. மூன்றாவது வாரம் ஒரு டீச்சர் வந்தார். பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. "வீட்டு டப்பாவுல எப்பவும் கழுத்து வரைக்கும் வருமே, இப்ப ரெண்டு விரல் குறையுதே" என்றார். வழக்கமாக வாங்குகிறவருக்கு எடை எப்படியும் தெரிந்துவிடும், அவர் வீட்டு டப்பா மாறாத அளவு. அன்றைக்கு அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவர் ஒருமுறை தராசைப் பார்க்க ஆரம்பித்தால் நிறுத்த வைப்பது எளிதில்லை. இப்போது பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு என்ன விலை என்றும் அச்சடிக்க வேண்டும், அதனால் ஒளிக்கவும் முடியாது. இந்தத் தடவை இதே வழியில் போயிருந்தால் 72 ரூபாய் சிப்ஸ் பாக்கெட் 200 கிராமிலிருந்து 167 கிராமுக்கு இறங்கியிருக்கும். அது ரெண்டு விரலுக்கும் மேல்.

எண்ணெய் மாற்றுவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாமாயிலில் பொரித்தால் கணக்கு உடனே சரியாகிவிடும், தேங்காயெண்ணெய் என்று எழுதிய கவரில் அதைப் போட்டால் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், கவரையும் மாற்றினால் அது வேறு சரக்கு. பாமாயில் சிப்ஸ் விற்பது தப்பே இல்லை, வெளிப்படையாகத் தனித் தட்டில் வைத்து விற்கலாம். ஆனால் எங்கள் கடைக்குப் பேரே அந்த வாசனையால் வந்தது.

மூன்றாவது வழி, போர்டில் விலையை மட்டும் மாற்றுவது. இதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். வழியில் நிறுத்தி வாங்குகிறவருக்குப் பழைய விலை தெரியாது, அவருக்கு இது போதும். பேருந்து நிலையத்துப் பக்கம் கடை வைத்திருந்தால் நானும் இதைத்தான் செய்திருப்பேன். சிக்கல் அந்த 140 பேரிடம். அவர்கள் 360 ரூபாயை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். நாலு பேர் நிற்கிற இடத்தில் "430" என்று கேட்டதும் முகம் மாறுகிறது, பணம் போதவில்லை என்றால் முக்கால் கிலோ வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவரைக் கடுப்பாக்குவது 70 ரூபாய் மட்டுமில்லை, நம்மிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்கிற நினைப்பும்தான்.

நான்காவது வழியைத்தான் எடுத்தேன். ஆனால் முன்கூட்டியே சொல்வது என்று முடிவு செய்தால் வேலை அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் எவ்வளவு, எப்போது, எந்த வார்த்தையில் என்று மூன்று விஷயம் இருக்கிறது, மூன்றில் எது பிசகினாலும் சொல்லாமல் இருந்ததைவிட மோசமாகப் போகும்.

எவ்வளவு என்பதில் இரண்டு கணக்கு போடலாம். பலர் செலவின் மேல் இருபது சதவீதம் என்று போடுவார்கள். முன்பு 300-க்கு 60, அதே சதவீதத்தில் 370-க்கு 74, ஆக 444 ரூபாய். இன்னொரு கணக்கு, ஏறிய 70 ரூபாயை மட்டும் ஏற்றுவது, 430. கிலோவுக்கு 14 ரூபாய் விட்டுக்கொடுக்கிறோம். விட்டுக்கொடுத்ததற்குக் காரணம் உண்டு. 1986-இல் டேனியல் கானமன், ஜாக் கினெட்ச், ரிச்சர்ட் தேலர் என்று மூன்று ஆய்வாளர்கள் கனடாவில் மக்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தி வெளியிட்டார்கள். பனிப்புயலுக்கு மறுநாள் கடைக்காரர் 15 டாலர் பனி வாரும் மண்வெட்டியை 20 டாலர் ஆக்கினால் நியாயமா என்று கேட்டதற்கு 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். மொத்த விலையில் கீரை 30 சென்ட் கூடியது, கடைக்காரரும் 30 சென்ட் கூட்டினார், இது நியாயமா என்றதற்கு 79 சதவீதம் பேர் சரிதான் என்றார்கள். செலவு ஏறிய அளவுக்கு ஏற்றினால் ஜனங்கள் ஒத்துக்கொள்கிறார்கள், அவர்களுடைய அவசரத்தைப் பார்த்து ஏற்றினால் ஒத்துக்கொள்வதில்லை. 430 என்றால் எண்ணெய்க்கு 70, விலையிலும் 70 என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். 444 என்றால் அந்த மிச்சம் 14 எதற்கு என்பதை யாரிடமும் நேராகச் சொல்ல முடியாது.

எப்போது என்பதை முடிவு செய்யத்தான் எனக்கு நிறைய நாள் ஆனது. முதலில் இரண்டு தவணையாகப் போகலாம் என்று வீட்டில் பேச்சு, ஜூலையில் 35, செப்டம்பர் தொடக்கத்தில் 35. சின்ன அடியாக இருக்கும் என்றார்கள். ஆனால் அந்த வருடம் திருவோணம் செப்டம்பர் 5. இரண்டாவது 35 சரியாக ஓண வாரத்தில் விழும். எண்ணெய்க்காக ஏற்றினேன் என்று சத்தியம் செய்தாலும் பாறசாலைக்காரருக்கு அது ஓணத்தைப் பார்த்து ஏற்றியதாகத்தான் தெரியும், அந்தப் பனி மண்வெட்டி மாதிரி. போதாததற்கு ஒரே ஆளிடம் இரண்டு தடவை கெட்ட செய்தி சொல்ல வேண்டும், அதுவரைக்கும் பாதிக்கும் குறைவான லாபத்தில் ஓட வேண்டும். மாதா மாதம் பில் வருகிற பால், கேபிள் மாதிரித் தொழிலில் தவணை நன்றாக வேலை செய்யலாம். சீசன் வியாபாரத்தில் ஒரே தடவை, சீசனுக்கு வெகு முன்னால் என்பதுதான் என் முடிவு.

நாளைக் குறித்தது எண்ணெய் டின்னைப் பார்த்து. மே மாதம் 330-க்கு வாங்கியது 15 கிலோ டின் நான்கு மிச்சம் இருந்தது. 60 கிலோ எண்ணெய், சுமார் 170 கிலோ சிப்ஸ், எங்களுக்கு எட்டு ஒன்பது நாள் ஓடும். அது தீர்கிற நாளில், ஜூலை 7 முதல் புது விலை என்று வைத்தேன். அதே கருத்துக்கணிப்பில், பழைய விலைக்கு வாங்கிய சரக்கைப் புது விலைக்கு விற்பதையும் பெரும்பாலோர் அநியாயம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். சட்டமும் குறுக்கே நிற்கிறது: பழைய விலை அச்சடித்த பாக்கெட்டின் மேல் கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. அலமாரியில் இருந்த பழைய பாக்கெட்டுகள் பழைய விலைக்கே போயின. இந்த ஒன்பது நாள் வாடிக்கையாளருக்கும் அவகாசம். அந்த வாரம் கொஞ்சம் பேர் கூடுதலாக வாங்கி வைத்தார்கள். ஒருவருக்கு மூன்று கிலோ வரைக்கும் மறுப்பு சொல்லாமல் கொடுத்தேன், அதற்கு மேல் கேட்டது மறுவிற்பனைக்காரர்கள்தான், அவர்களிடம் இல்லை என்றேன்.

இனி வார்த்தை. முதலில் எழுதியது இது:

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் பெருமக்களே! தாங்கள் இத்தனை ஆண்டுகளாக அளித்துவரும் பேராதரவுக்கு நன்றி. மூலப்பொருட்கள், கூலி, போக்குவரத்து, மின்கட்டணம் உள்ளிட்ட தவிர்க்க முடியாத காரணங்களால் எமது பொருட்களின் விலையைச் சற்றே மாற்றியமைக்க வேண்டியுள்ளது. தரத்தில் எவ்வித சமரசமும் இல்லை. தங்கள் ஆதரவு தொடர வேண்டுகிறோம்."

என் மனைவி வாசித்துவிட்டு, "எவ்வளவுன்னு எங்க இருக்கு?" என்று கேட்டாள். இல்லவே இல்லை. "சற்றே" என்று எழுதியிருந்தேன், அது கிட்டத்தட்ட இருபது சதவீதம். காரணம் நான்கு அடுக்கியிருந்தேன், உண்மையில் காரணம் ஒன்று. நான்கு காரணம் சொன்னால் கேட்கிறவர் எதையும் நம்புவதில்லை, ஏதோ ஒரு சாக்கு என்று எடுத்துக்கொள்கிறார். எண்ணெய் விலை மட்டும் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், அவரவர் வீட்டுச் சமையலறையிலேயே பார்க்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த ஒரு காரணத்தை மட்டும் சொன்னால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கடைசியில் அனுப்பியது:

"வணக்கம். ஜூலை 7 திங்கள் முதல் ஏத்தங்காய் சிப்ஸ் கிலோ 430 ரூபாய். இப்போது 360. ஒரு கிலோ பொரிக்க 350 கிராம் தேங்காயெண்ணெய் போகிறது. போன ஓணத்துக்கு அப்புறம் கிலோ 200-க்கு வாங்கிய எண்ணெய் இப்போது 400. அந்த 70 ரூபாயை மட்டும் கூட்டியிருக்கிறோம். எண்ணெயும் எடையும் மாறாது. ஜூலை 6 வரை பழைய விலைதான். ஏற்கெனவே முன்பணம் கொடுத்தவர்களுக்கு எந்தத் தேதியானாலும் பேசிய விலையே. எண்ணெய் 300-க்கு இறங்கி ஒரு மாதம் நின்றால் சிப்ஸ் 395 ஆகும். இது உங்களுக்குப் பாரம் என்று தெரியும். ஏதாவது கேட்க வேண்டுமானால் கடைக்கே போன் பண்ணுங்கள்."

இதில் சில இடங்களில் வீட்டில் தகராறே நடந்தது. செலவுக் கணக்கு முழுவதையும் போடலாமே என்றான் தம்பி, 140, 140, 90 என்று. வேண்டாம் என்றேன். முழுக் கணக்கையும் போட்டால் பேச்சு விலையிலிருந்து என் லாபத்துக்குப் போய்விடும், காயை 35-க்கு வாங்கலாமே என்று ஒருவர், கூலி ஏன் இவ்வளவு என்று இன்னொருவர். மாறிய ஒன்றை மட்டும் சொன்னால் போதும். கேட்டு வந்தவரிடம் நோட்டையே காட்டலாம், இரண்டு பேருக்குக் காட்டவும் செய்தேன்.

மன்னிப்பு கேட்கலாமா என்பது அடுத்தது. "மன்னிக்கவும்" என்று எழுதினால் தப்பு செய்துவிட்டு ஏற்றுகிற மாதிரி ஆகிறது, ஒன்றுமே சொல்லாவிட்டால் கல் மாதிரி இருக்கிறது. பாரம் என்று தெரியும் என்ற வரி நடுவில் வந்து நின்றது.

விலை இறங்கும் என்ற வரியில் முதலில் "எண்ணெய் குறைந்தால் நாங்களும் குறைப்போம்" என்றுதான் எழுதியிருந்தேன். இப்படி எழுதுவது ஆபத்து. 400 எண்ணெய் 390 ஆன மறுநாளே ஒருவர் வந்து நிற்பார், அவர் கேட்பதும் நியாயம். எண் போட்டால் நானும் கட்டுப்படுகிறேன், அவரும் பார்த்துக்கொள்ளலாம். நூறு ரூபாய் இறங்கினால் 350 கிராமுக்கு 35, ஆகவே 395. கணக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஏறும்போது முழுசாக ஏற்றிவிட்டு இறங்கும்போது பாதி இறக்கினால் முதல் அறிவிப்பும் பொய்யாகிவிடும்.

ஓணம் வரை இனி ஏற்ற மாட்டோம் என்று ஒரு வரி சேர்க்க மிகவும் ஆசைப்பட்டேன், வாசிக்க அழகாக இருக்கும். கணக்குப் போட்டதும் எடுத்துவிட்டேன். ஓணத்துக்கு முன் ஏத்தங்காய் ஏறத்தான் செய்யும். காய் 40-லிருந்து 55 ஆனால் மூன்றரைக் கிலோவுக்கு 52 ரூபாய் ஐம்பது பைசா, என் 60-இல் மிச்சம் ஏழரை ரூபாய். எல்லாருக்கும் கொடுக்க முடியாத வாக்கு அது. அதற்குப் பதில் ஆகஸ்ட் 15-க்குள் முன்பணம் கட்டிப் பதிகிறவர்களுக்கு 430 என்று தனியாகச் சொன்னேன். முன்பணம் வந்தால் காயை முன்னாலேயே பேசி வைக்க முடியும், அதனால் அந்த வாக்கைக் காப்பாற்ற வழி இருந்தது.

யாரிடம் எப்படிச் சொன்னோம் என்பதும் கொஞ்சம் முக்கியம். வாட்ஸ்அப் குழுவில் போடவில்லை. குழுவில் முதலில் பதில் போடுகிறவரின் குரல்தான் எல்லாருடைய குரலும் ஆகிவிடும். பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், ஆனால் நம் நம்பரைப் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ஒற்றை டிக்கிலேயே நின்றவர்கள் 31 பேர், பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களை நானும் மனைவியும் இரண்டு சாயங்காலம் போனில் கூப்பிட்டோம். மலையாளத்தில் அனுப்பியதை அண்ணி புதிதாக எழுதிக் கொடுத்தார், என் தமிழை அப்படியே மாற்றினால் அரசாங்க அறிவிப்பு மாதிரி இருந்தது. கடைப் போர்டில் ஜூன் 28-ஆம் தேதியே பழைய விலையும் புது விலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தோம். பெரிய எழுத்தில் தேதி.

போனில் ஒரு பெரியவர் கேட்டது மனதில் இருக்கிறது. "தேங்காய் விலை ஏறினதால எனக்கும் நாலு காசு கிடைச்சுதான் இருக்கு தம்பி, நீ ஏன் இத்தனை மாசம் கையிலிருந்து போட்டே?" இந்தப் பக்கத்தில் வாங்குகிறவர்களிலேயே பலர் தென்னை வைத்திருப்பவர்கள். அதை அறிவிப்பில் நான் எழுத முடியாது, எழுதினால் உங்களால்தான் ஏறியது என்று சொல்கிற மாதிரி ஆகும். ஆனால் அவர்களே சொன்னார்கள். எண்ணெய் 250 ஆனபோதே ஒரு தடவை சொல்லி 17 ரூபாய் ஏற்றியிருந்தால் இந்த 70 வந்திருக்காது என்று அப்போது தோன்றியது. தாங்கிக்கொண்டது அவர்களுக்கும் பெரிய உதவியாக இல்லை, மொத்தமாகச் சேர்த்து வைத்துக் கொடுத்ததுதான் மிச்சம்.

பிசகிய இடம் ஒன்று உண்டு. டீக்கடைகளுக்கு வாரம் ஐந்து பத்து கிலோ போடுகிறேன், பதினொரு கடை. அவர்களுக்கும் அதே செய்தியை அதே நாளில் அனுப்பினேன். வீட்டுக்கு வாங்குகிறவருக்கு ஒன்பது நாள் தாராளம். டீக்கடைக்காரர் பத்து ரூபாய் பொட்டலமாக விற்கிறார், அவர் தன் ஆட்களிடம் எட்டுத் துண்டை ஆறாக்குவதா, பொட்டலத்தைப் பன்னிரண்டு ரூபாய் ஆக்குவதா என்று முடிவு செய்ய வேண்டும். அவருக்கு இந்தச் செய்தி வேறு மாதிரி, நேரில் போய், குறைந்தது மூன்று வாரத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டும். மூன்று கடை பாமாயில் சிப்ஸுக்கு மாறிப் போனார்கள்.

நல்லெண்ணம் போனதா இல்லையா என்று தெரிந்துகொள்ள மொத்த விற்பனையைப் பார்க்கக் கூடாது, ஓணம் வந்தால் அது எப்படியும் ஏறும். நோட்டில் உள்ள 140 பேரில் ஆறு வாரத்தில் யார் வந்தார்கள் என்று பெயருக்கு நேரே டிக் போட்டேன். வழக்கமாக ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவை வருவார் என்றால் ஆறு வாரம் போதும். 129 டிக். வராத 11 பேரில் நான்கு பேர் வளைகுடாவில். மீதி ஏழு பேரையும் கூப்பிட்டதில் இரண்டு பேர் விலை கட்டுப்படியாகவில்லை என்று நேராகச் சொன்னார்கள், அவர்களுக்கு அரைக் கிலோ பாக்கெட் போடலாமா என்று இப்போது யோசிக்கிறோம். அந்த டீச்சர் ஜூலை 9-ஆம் தேதி வந்தார். 430 ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்தார், தராசைப் பார்க்கவில்லை.